மார்க்கெட்பிளேஸ் தரும் மாதாந்திர டிசிஎஸ் அறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: சார், நான் கரூரில் இருந்து ஆன்லைனில் காட்டன் பெட்ஷீட் விற்கிறேன். ஒன்று 840 ரூபாய், 5% ஜிஎஸ்டி சேர்த்து. 2024 நவம்பர் மாதம் டாஷ்போர்டில் 300 ஆர்டர், 2,52,000 ரூபாய் என்று காட்டுகிறது. மார்க்கெட்பிளேஸ் என் விற்பனையில் பிடித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் வரி, அரை சதவீதம் என்றால் 1,260 ரூபாய் வர வேண்டும். அறிக்கையில் 1,040 ரூபாய்தான் இருக்கிறது. டேலியில் என் நிகர விற்பனை 2,14,400. அவர்கள் 2,08,000 என்கிறார்கள். பேங்கில் வந்ததோ 1,58,300. எதை நம்பி ரிட்டர்ன் போடுவது? இந்த 1,040 ரூபாய் எனக்குத் திரும்பக் கிடைக்குமா?

பதில்:

முதலில் பேங்க் ஸ்டேட்மெண்டை மூடி வையுங்கள். டிசிஎஸ் அறிக்கையைப் படிக்க அது உதவாது, குழப்பம்தான் மிஞ்சும். நவம்பரில் உங்கள் கணக்குக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி அக்டோபர் கடைசியில் போன சரக்குக்கு உரியது. நவம்பர் கடைசி வாரத்தில் போன சரக்கின் பணம் டிசம்பரில்தான் வரும். நடுவில் கமிஷன், ஷிப்பிங், அவற்றின் மேல் 18% ஜிஎஸ்டி எல்லாம் கழிந்திருக்கும். டிசிஎஸ் பணம் வந்த தேதியைப் பார்ப்பதில்லை, சப்ளை எந்த மாதத்தில் நடந்தது என்பதையே பார்க்கும். நவம்பர் 30 அன்று போன சரக்குக்கு டிசம்பர் 8 அன்று பணம் வந்தாலும் அது நவம்பர் அறிக்கையில்தான் ஏறும். பேமெண்ட் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு செட்டில்மெண்டிலும் டிசிஎஸ் என்று சின்னச் சின்னதாகக் கழித்திருப்பார்கள் அல்லவா, அவற்றைக் கூட்டினால் இந்த 1,040 வராததும் இதனால்தான்.

இப்போது அறிக்கைக்கு வருவோம். ஜிஎஸ்டி சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, மார்க்கெட்பிளேஸின் தளத்தின் வழியாக நீங்கள் விற்று, வாடிக்கையாளரிடம் பணத்தை அவர்கள் வசூலித்தால், அதில் ஒரு சிறு பங்கைப் பிடித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டும். 2018 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. முதலில் 1 சதவீதமாக இருந்தது. 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். நீங்கள் பழைய வீடியோ ஏதாவது பார்த்து ஒரு சதவீதத்துக்குக் கணக்குப் போடாமல் அரை சதவீதம் என்று சரியாகவே எடுத்திருக்கிறீர்கள். விகிதம் சரி, எந்தத் தொகையின் மேல் போட வேண்டும் என்பதில்தான் சறுக்கியிருக்கிறது.

அவர்கள் தாக்கல் செய்யும் படிவத்தின் பெயர் ஜிஎஸ்டிஆர்-8. அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் போட வேண்டும். அதில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்கு எதிரே இருப்பவற்றில் நமக்கு வேண்டியவை இவை: அந்த மாதம் போன சரக்கின் மொத்த மதிப்பு, அந்த மாதம் திரும்பி வந்த சரக்கின் மதிப்பு, முதலாவதில் இரண்டாவதைக் கழித்த நிகர மதிப்பு, அந்த நிகரத்தின் மேல் பிடித்த வரி ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரிந்து. மதிப்பு என்று வரும் இடங்களில் எல்லாம் ஜிஎஸ்டி சேராத மதிப்புதான். வரிவிலக்குள்ள பொருள் ஏதாவது விற்றால் அது இந்தக் கணக்கிலேயே வராது.

உங்கள் நவம்பரை இதில் வைத்துப் பார்ப்போம். நீங்கள் மார்க்கெட்பிளேஸின் செல்லர் பேனலில் இருந்து ஆர்டர் வாரியான விற்பனை அறிக்கையை இறக்கினால், அது கிட்டத்தட்ட இப்படி இருக்க வேண்டும். 840 ரூபாயில் ஜிஎஸ்டி 40 ரூபாய், வரிக்கு உட்பட்ட மதிப்பு 800. 300 பெட்ஷீட்டுக்கு 2,40,000. நிகரம் 2,08,000 என்றால் 32,000 ரூபாய்க்குச் சரக்கு திரும்பியிருக்கிறது, அதாவது 40 பெட்ஷீட். நீங்கள் எதிர்பார்த்த 1,260-க்கும் வந்திருக்கும் 1,040-க்கும் உள்ள 220 ரூபாய் வித்தியாசம் இத்துடன் தீர்ந்துவிடுகிறது. ஜிஎஸ்டி தொகையான 12,000 ரூபாயின் மேல் நீங்கள் போட்ட அரை சதவீதம் 60 ரூபாய். திரும்பி வந்த 32,000 ரூபாயின் மேல் போட்டது 160 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 220. அவர்கள் குறைத்துப் பிடிக்கவில்லை.

40 பெட்ஷீட் திரும்பி வந்தது உங்களுக்கு அதிகமாகத் தோன்றலாம். நவம்பரில் விற்ற 300-இல் 40 திரும்பியது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். படிவத்தில் திரும்பி வந்த சரக்கு என்ற இடத்தில் இருப்பது நவம்பரில் திரும்பியவை. எப்போது விற்றவை என்ற கேள்வி இங்கே கிடையாது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. பண்டிகைக்கு முன் அனுப்பிய சரக்கில் பிடிக்காதது, ஆள் இல்லாமல் திரும்பியது எல்லாம் நவம்பர் முதல் இரண்டு வாரத்தில்தான் வந்து சேரும். ஆர்டர் தேதியை வைத்து வடிகட்டிப் பாருங்கள், அந்த 40-இல் ஒரு பகுதி அக்டோபர் ஆர்டராக இருக்கும். அக்டோபரில் அவற்றுக்கும் டிசிஎஸ் பிடித்திருப்பார்கள், நவம்பரில் நிகரத்தைக் குறைத்து அதைச் சமன் செய்திருக்கிறார்கள்.

இதை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும். விற்பனை மிகவும் குறைந்து, திரும்பியது விற்றதைவிட அதிகமாகிவிடும் மாதம் சிலருக்கு வரும். அப்போது ஜிஎஸ்டிஆர்-8-இல் நெகட்டிவ் தொகை காட்ட வழியில்லை, மிச்சத்தை அடுத்த மாதத்துக்குக் கொண்டு போகவும் முடியாது. அந்த மாதம் டிசிஎஸ் இல்லை, அவ்வளவுதான். முந்தைய மாதம் பிடித்தது உங்கள் பெயரில் ஏற்கெனவே அரசிடம் போய்ச் சேர்ந்திருப்பதால் இதில் உங்களுக்கு இழப்பு இல்லை.

அடுத்து அந்த மூன்று வரிப் பத்திகள். வாடிக்கையாளர் தமிழ்நாட்டுக்குள் இருந்தால் 0.25% சிஜிஎஸ்டி, 0.25% எஸ்ஜிஎஸ்டி. வெளி மாநிலம் என்றால் 0.5% ஐஜிஎஸ்டி. சரக்கு போய்ச் சேரும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, உங்கள் நிகரத்தில் 72,000 தமிழ்நாடு, 1,36,000 வெளி மாநிலம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சிஜிஎஸ்டி 180, எஸ்ஜிஎஸ்டி 180, ஐஜிஎஸ்டி 680. கூட்டினால் 1,040. உங்கள் அறிக்கையில் உள்ள பிரிவை எடுத்து இப்படியே பின்னால் இருந்து கணக்குப் போடலாம்: ஐஜிஎஸ்டியை 200-ஆல் பெருக்கினால் வெளி மாநில நிகர விற்பனை வந்துவிடும். சிஜிஎஸ்டியை 400-ஆல் பெருக்கினால் தமிழ்நாட்டு விற்பனை. இதை டேலியில் உள்ள மாநில வாரி விற்பனையோடு ஒப்பிடுங்கள். மொத்தம் ஒத்துப்போய், மாநிலப் பிரிவு மட்டும் ஒத்துப்போகாமல் இருந்தால் டேலியில் யாரோ வாடிக்கையாளரின் மாநிலத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் பார்த்தவரை புதுச்சேரி ஆர்டர்களில்தான் இது அடிக்கடி நடக்கிறது. பக்கத்து ஊர் போலத் தெரிவதால் கை தானாகத் தமிழ்நாடு என்று போட்டுவிடும். புதுச்சேரிக்கு ஐஜிஎஸ்டிதான்.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினை, 2,14,400-க்கும் 2,08,000-க்கும் உள்ள 6,400 ரூபாய். ஒரு பெட்ஷீட் 800 என்பதால் இது சரியாக 8 பெட்ஷீட். வித்தியாசத்தை எப்போதும் இப்படி எண்ணிக்கைக்கு மாற்றிப் பாருங்கள், தேடுவது சுலபம். முழு எண்ணாக வந்தால் ஆர்டர் விடுபட்டிருக்கிறது அல்லது இரண்டு மாதத்துக்கு நடுவில் மாட்டியிருக்கிறது. உடைந்த எண்ணாக வந்தால் விலை, ஷிப்பிங் சார்ஜ் போன்ற எதிலோ தவறு இருக்கிறது. வாடிக்கையாளரிடம் தனியாக ஷிப்பிங் சார்ஜ் வாங்கி, அது உங்கள் இன்வாய்ஸிலேயே ஏறியிருந்தால் அதுவும் உங்கள் விற்பனை மதிப்புதான். டேலியில் பொருள் விலையை மட்டும் போட்டால் அவர்கள் தொகை எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

எட்டு பெட்ஷீட்டைத் தேட முழு மாதத்தையும் புரட்ட வேண்டாம். மாதத்தின் முதல் இரண்டு நாள், கடைசி இரண்டு நாள், இவற்றை மட்டும் எடுங்கள். இந்த மாதிரிக் கணக்குகளை நான் உட்கார்ந்து பார்க்கும்போது பெரும்பாலும் இந்த நான்கு நாளிலேயே கிடைத்துவிடும். உங்களுடையதில் நான் எதிர்பார்ப்பது இது: டேலியில் 306 விற்பனை பதிவாகியிருக்கும், அவர்களிடம் 300. அந்த ஆறும் நவம்பர் 30 அன்று வந்த ஆர்டராக இருக்கும். நீங்களோ உங்கள் ஆளோ ஆர்டர் வந்த தேதியில் டேலியில் போட்டிருப்பீர்கள். சரக்கு டிசம்பர் 1 காலையில்தான் கூரியர் கைக்குப் போயிருக்கும், மார்க்கெட்பிளேஸ் உருவாக்கிய இன்வாய்ஸில் தேதியும் டிசம்பர் 1 என்று இருக்கும். பார்சலில் ஒட்டிப் போன அந்த இன்வாய்ஸின் பிடிஎஃப்-ஐத் திறந்து தேதியைப் பாருங்கள். வாடிக்கையாளர் கையில் இருக்கும் இன்வாய்ஸ் அதுதான், உங்கள் கணக்கும் அதைப் பின்பற்ற வேண்டும். தேதி டிசம்பர் 1 என்றால் டேலியில் அந்த ஆறையும் டிசம்பருக்கு மாற்றுங்கள். 4,800 ரூபாய் தீர்ந்தது.

மீதம் இரண்டு பெட்ஷீட், 1,600 ரூபாய். இது திரும்பி வந்த சரக்கின் கணக்கில் இருக்கும். அவர்கள் 40 ரிட்டர்ன் என்கிறார்கள், டேலியில் 38 இருக்கும். ரிட்டர்ன் அறிக்கையில் நவம்பர் 28, 29 தேதிகளைப் பாருங்கள். வாடிக்கையாளர் கூரியரிடம் பெட்ஷீட்டைத் திருப்பிக் கொடுத்த உடனே அவர்கள் பணத்தைத் திருப்பி, ரிட்டர்ன் என்று பதிவு செய்துவிட்டார்கள். பார்சல் ஹைதராபாத்தில் இருந்து கரூர் வந்து நீங்கள் பிரித்துப் பார்த்தது டிசம்பர் 3 அல்லது 4 ஆக இருக்கும். நீங்கள் கிரெடிட் நோட் போட்டது அன்றைக்குத்தான். இதில் யார் மேலும் தப்பு இல்லை. நீங்கள் டிசம்பரில் கிரெடிட் நோட் போட்டதை மாற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் இதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆக, திருத்திய பிறகு உங்கள் நவம்பர் நிகர விற்பனை 300-இல் 38 போக 262 பெட்ஷீட், 2,09,600 ரூபாய். விற்பனை விவரம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1-இல் நீங்கள் காட்ட வேண்டியது இதைத்தான். அவர்கள் 2,08,000 என்று சொல்லிவிட்டார்களே என்று அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உங்கள் ரிட்டர்ன் உங்கள் இன்வாய்ஸையும் கிரெடிட் நோட்டையும் பார்த்துப் போட வேண்டியது. அவர்கள் அறிக்கை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கண்ணாடி.

ஜிஎஸ்டிஆர்-1-இல் இந்த விற்பனையை இரண்டு இடத்தில் காட்டுவீர்கள். வழக்கம்போல மாநில வாரியாக 7-ஆம் அட்டவணையில் ஒரு முறை. பிறகு 14-ஆம் அட்டவணையில், எந்த மார்க்கெட்பிளேஸ் வழியாக எவ்வளவு என்று அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணோடு இன்னொரு முறை. இரண்டாவது முறை காட்டுவதால் வரி இரட்டிப்பாகாது, அது விவரத்துக்காக மட்டும். இந்த 14-ஆம் அட்டவணையில்தான் நான் அதிகமாகத் தப்பு பார்க்கிறேன். அங்கே வரித் தொகை கேட்கும் பத்தியில் பலர் டிசிஎஸ் தொகையைப் போடுகிறார்கள். கேட்பது டிசிஎஸ் இல்லை, உங்கள் விற்பனையின் மேலான ஜிஎஸ்டி. உங்கள் கணக்கில் அங்கே போக வேண்டியது நிகர மதிப்பு 2,09,600, சிஜிஎஸ்டி 1,800, எஸ்ஜிஎஸ்டி 1,800, அந்த இரண்டு பெட்ஷீட்டும் வெளி மாநிலம் என்பதால் ஐஜிஎஸ்டி 6,880. இதற்குப் பதிலாக 180, 180, 680 என்று போட்டுவிட்டு, பிறகு ஏன் பொருந்தவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், எந்த ஜிஎஸ்டி எண் என்பதையும் கவனியுங்கள். மார்க்கெட்பிளேஸுக்கு மாநிலத்துக்கு ஒரு எண் இருக்கும். உங்கள் டிசிஎஸ் வந்திருக்கும் பதிவில் எந்த எண் இருக்கிறதோ அதையே 14-ஆம் அட்டவணையில் போடுங்கள். கமிஷனுக்கு அவர்கள் உங்களுக்குத் தரும் இன்வாய்ஸில் வேறு எண் இருக்கலாம், அதைப் பார்த்து எழுத வேண்டாம். அதேபோல் நீங்கள் பெங்களூரு கிடங்கில் சரக்கு வைத்து கர்நாடகாவில் தனி ஜிஎஸ்டி எண் வாங்கியிருந்தால், அங்கிருந்து போன சரக்கின் டிசிஎஸ் கர்நாடக எண்ணின் லாகினில்தான் தெரியும். தமிழ்நாட்டு லாகினில் தேடினால் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, 1,040 ரூபாய் திரும்பக் கிடைக்குமா. கிடைக்கும், ஆனால் தானாக வராது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு திருப்பூர் பனியன் வியாபாரி, இந்தப் பணம் தானாக வரவாகிவிடும் என்று நினைத்து ஒரு வருடத்துக்கும் மேல் எதையும் செய்யாமல் விட்டிருந்தார். மாதா மாதம் கையில் இருந்து ஜிஎஸ்டி கட்டிக்கொண்டிருந்தார், அவருடைய பணம் அந்தப் பக்கம் அப்படியே கிடந்தது. எனக்கு அது மனதைக் கஷ்டப்படுத்தியது. அதனால் இதை யாரிடம் சொன்னாலும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஜிஎஸ்டி போர்ட்டலில் இந்த இடத்துக்குப் போங்கள்:

```
Services > Returns > TDS and TCS credit received
```

நிதியாண்டும் மாதமும் தேர்ந்தெடுத்தால், ஜிஎஸ்டிஆர்-8 தாக்கல் செய்த ஒவ்வொரு மார்க்கெட்பிளேஸுக்கும் ஒரு பதிவு தெரியும். பார்த்துவிட்டு ஒவ்வொன்றையும் ஏற்கிறேன் அல்லது நிராகரிக்கிறேன் என்று குறித்து, ஓடிபி வைத்துத் தாக்கல் செய்ய வேண்டும். குறித்துவிட்டுத் தாக்கல் செய்யாமல் வெளியே வந்தால் ஒன்றும் நடக்காது, இதையும் பலர் செய்கிறார்கள். தாக்கல் முடிந்ததும் தொகை உங்கள் எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜரில் ஏறும்.

1,600 ரூபாய் வித்தியாசம் இருக்கிறதே, ஏற்கலாமா என்று யோசிப்பீர்கள். ஏற்கலாம். அது மாதம் மாறிய வித்தியாசம்தான், டிசிஎஸ்ஸில் வெறும் 8 ரூபாய், டிசம்பரில் தானாகச் சரியாகிவிடும். நிராகரிப்பது வேறு மாதிரித் தவறுக்கு: உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத விற்பனை உங்கள் எண்ணில் ஏறியிருந்தால், அல்லது நீங்கள் விற்றதற்கும் அவர்கள் காட்டியதற்கும் பெரிய இடைவெளி இருந்து காரணம் கிடைக்காவிட்டால். நிராகரித்தால் அந்தப் பதிவு மார்க்கெட்பிளேஸின் அடுத்த ஜிஎஸ்டிஆர்-8-இல் திருத்துவதற்காகப் போய் நிற்கும். அவர்கள் திருத்திய பிறகு மறுபடி உங்களிடம் வரும், அதுவரை பணம் நிற்கும். அதனால் நிராகரிக்கும் முன் செல்லர் சப்போர்ட்டில் ஒரு டிக்கெட் போட்டு, எந்த ஆர்டர் எண்கள் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அந்த நிதியாண்டுக்கான திருத்தத்தை, அந்த ஆண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30-க்கு மேல் அவர்களாலும் செய்ய முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கு ஏற்ற நாட்கள் 10-க்கும் 20-க்கும் நடுவில். 10-ஆம் தேதிக்குள் அவர்கள் தாக்கல் செய்துவிடுவார்கள், வரி கட்டும் மாதாந்திர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு உங்களுக்கு 20-ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. நடுவில் ஏற்றுக்கொண்டு தாக்கல் செய்துவிட்டால், நவம்பர் டிசிஎஸ்ஸை நவம்பர் வரி கட்டவே பயன்படுத்தலாம்.

ஒரு விஷயம் இங்கே தெளிவாக இருக்க வேண்டும். இந்தப் பணம் ஏறுவது கேஷ் லெட்ஜரில், கிரெடிட் லெட்ஜரில் இல்லை. அதாவது இது உள்ளீட்டு வரி கிரெடிட் கிடையாது, நீங்கள் சலான் போட்டுக் கட்டிய பணம் போன்றது. ஜிஎஸ்டிஆர்-3பி-இல் கிரெடிட் எழுதும் 4-ஆம் அட்டவணையில் இதைச் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு முறை எடுத்ததாகும். மேலும் கேஷ் லெட்ஜரில் தலைப்புகள் ஒன்றோடொன்று தானாகக் கலக்காது. 680 ரூபாய் ஐஜிஎஸ்டி தலைப்பில் இருந்தால் அதை எஸ்ஜிஎஸ்டி கட்ட நேரடியாக எடுக்க முடியாது. பிஎம்டி-09 என்ற படிவம் போட்டு ஒரு தலைப்பில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சிறிய வேலைதான், கேஷ் லெட்ஜர் பக்கத்திலேயே இருக்கிறது.

உங்கள் தொழிலில் இன்னொரு நிலைமையும் வரும். நவம்பரில் நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி 10,480. தறிக்காரரிடம் 1,30,000 ரூபாய்க்குத் துணி வாங்கியிருந்தால் அதில் 5% கிரெடிட் 6,500. மார்க்கெட்பிளேஸ் கமிஷனும் ஷிப்பிங்கும் சேர்ந்து 40,000 என்றால் அதன் 18% கிரெடிட் 7,200. ஆக 13,700 ரூபாய் கிரெடிட். வரி முழுவதும் கிரெடிட்டிலேயே அடைந்துவிடும், கேஷ் தொடவே வேண்டியிருக்காது. விற்பது 5 சதவீதத்தில், கமிஷனுக்குக் கொடுப்பது 18 சதவீதத்தில் என்று இருப்பவர்களுக்கு இது சகஜம். அப்போது டிசிஎஸ் மாதா மாதம் கேஷ் லெட்ஜரில் சேர்ந்துகொண்டே போகும். அதை அப்படியே விட வேண்டியதில்லை. ஆர்எஃப்டி-01 படிவத்தில், கேஷ் லெட்ஜரில் உள்ள அதிகப்படி இருப்பு என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து பேங்குக்கே திரும்பக் கேட்கலாம். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஒவ்வொரு முறையும் போட வேண்டாம், ஆறு மாதமோ ஒரு வருடமோ சேர்த்துப் போடுவது என் பழக்கம்.

பேமெண்ட் ரிப்போர்ட்டில் டிசிஎஸ்ஸுக்குப் பக்கத்திலேயே டிடிஎஸ் என்று இன்னொரு சிறு தொகை கழிந்திருக்கலாம். ஒரு பெட்ஷீட்டுக்கு டிசிஎஸ் 4 ரூபாய் என்றால் அது ஒரு ரூபாய்க்கும் கீழே இருக்கும். அது ஜிஎஸ்டி இல்லை, வருமான வரி. 194-ஓ பிரிவில் பிடிப்பது, 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம், அதற்கு முன் 1 சதவீதம். அது ஜிஎஸ்டி போர்ட்டலில் வராது, உங்கள் பான் எண்ணில் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும், வருமான வரி ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்வீர்கள். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாக டேலியில் பதிவு செய்தால் இரண்டு பக்கமும் பொருந்தாமல் போகும். தனித்தனி லெட்ஜர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் உள்மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளிடம் டிசிஎஸ் பிடிப்பதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் அவர்கள் ஒரு என்ரோல்மெண்ட் எண் வாங்கிக்கொண்டு பொருள் விற்கலாம். உங்கள் நண்பர் யாருக்காவது டிசிஎஸ் வரவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பிடிப்பார்கள்.

கடைசியாக, அந்த இரண்டு பெட்ஷீட்டை எழுதி வைக்கச் சொன்னேன் அல்லவா. சட்டப்படி மார்க்கெட்பிளேஸ் காட்டியதும் நீங்கள் காட்டியதும் ஒப்பிடப்படும். பொருந்தாவிட்டால் இருவருக்கும் தெரிவிப்பார்கள். அவர்கள் காட்டியது அதிகமாகவும் நீங்கள் காட்டியது குறைவாகவும் இருந்து, சரிசெய்யாமல் விட்டால் அந்த வித்தியாசத்துக்கான வரி வட்டியோடு உங்கள் தலையில் ஏறும். நவம்பரில் நீங்கள் அவர்களைவிட 1,600 ரூபாய் அதிகமாகக் காட்டுகிறீர்கள், அதனால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் டிசம்பரில் இது தலைகீழாகும். அவர்கள் நவம்பரிலேயே கழித்துவிட்ட இரண்டு பெட்ஷீட்டை நீங்கள் டிசம்பரில் கழிப்பீர்கள், அப்போது உங்கள் தொகை 1,600 ரூபாய் குறைவாகத் தெரியும். பார்ப்பவருக்கு அது விற்பனையை மறைத்தது போலத் தோன்றும். அதனால் டிசம்பர் ஷீட்டின் முதல் வரியாக அந்த இரண்டு ஆர்டர் எண், சரக்கு திரும்பியதாக அவர்கள் பதிவு செய்த தேதி, உங்கள் கிரெடிட் நோட் எண், தேதி இவற்றை எழுதிவிடுங்கள். டேலியில் டிசம்பருக்கு மாற்றிய அந்த ஆறு இன்வாய்ஸ் எண்ணையும் அடுத்த வரியில் போடுங்கள். அவை அவர்களுடைய டிசம்பர் அறிக்கையில் வந்திருக்கின்றனவா என்று ஜனவரி முதல் வாரத்தில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.